4,000 மீட்டிங் பதிவுகளுக்குக் குறிச்சொல்லும் ஒருவரி விவரமும் போடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

"ஓடிபி லேட்டா வருதுன்னு போன வருஷம் ஒரு மீட்டிங்ல பேசினோமே, அதுல கடைசியா என்ன முடிவு பண்ணோம்?" இந்தக் கேள்விக்கு அரை நிமிடத்தில் பதில் கிடைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இத்தனை வேலையும்.

எடுத்துக்காட்டாக ஒரு மென்பொருள் நிறுவனத்தை வைத்துக்கொள்வோம். பணப்பரிமாற்றச் செயலி ஒன்றை நடத்துகிறார்கள். மூன்று வருடங்களில் 4,000 வீடியோ மீட்டிங்குகளின் எழுத்துப் பதிவுகள் `.vtt` கோப்புகளாகச் சேர்ந்துவிட்டன. பேச்சு முழுவதும் தமிழும் ஆங்கிலமும் கலந்தது. கோப்பின் பெயரோ பெரும்பாலும் "Weekly sync" என்பதுதான். ஒவ்வொரு பதிவுக்கும் ஐந்தாறு குறிச்சொற்களும் ஒரு வரி விவரமும் வேண்டும். 4,000 பதிவுகளையும் ஆள் உட்கார்ந்து படிப்பது நடக்காது என்பதால், மொழி மாடல் ஒன்றைப் பயன்படுத்துகிறோம்.

புதிதாக இறங்குபவர்கள் பெரும்பாலும் முதல் நாளே எல்லாப் பதிவுகளையும் மாடலிடம் கொடுத்து "குறிச்சொல் போடு" என்று விட்டுவிடுகிறார்கள். ஆயிரக்கணக்கில் குறிச்சொற்கள் வந்து குவியும். அவற்றில் பாதி ஒரே ஒரு பதிவில் மட்டும் இருக்கும். மாடலை ஓட்டுவது கீழே உள்ள வரிசையில் எட்டாவது படி. முந்தைய ஏழையும் தாவினால் அதை இரண்டு முறை ஓட்ட வேண்டிவரும்.

## 1. முதலில் கேள்விகளைச் சேகரியுங்கள்

தேடப்போகிறவர்களிடம் போய், கடைசியாக எந்த மீட்டிங்கைத் தேடினார்கள், எந்தச் சொல்லைப் போட்டுத் தேடினார்கள் என்று கேளுங்கள். "எப்படிப்பட்ட குறிச்சொல் வேண்டும்?" என்று கேட்காதீர்கள், அதற்கு எல்லோரும் அழகான, பயனில்லாத பதில் சொல்வார்கள். நடந்த தேடலைத்தான் கேட்க வேண்டும். பழைய தேடல் பெட்டி இருந்தால் அதில் தட்டப்பட்ட சொற்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

40 கேள்விகள் போதும். ஒவ்வொன்றுக்கும் எதிரே சரியான விடை எந்தப் பதிவில் இருக்கிறது என்று ஆள் வைத்துக் கண்டுபிடித்துக் குறித்துவிடுங்கள். இதுதான் இந்த வேலையிலேயே சலிப்பான பகுதி. ஆனால் ஒன்பதாவது படியில் தேடல் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க இதை விட்டால் வேறு அளவுகோல் கிடையாது.

கேள்விகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தாலே ஒன்று புலப்படும். தேடுபவர் போடும் சொல்லும் மீட்டிங்கில் பேசப்படும் சொல்லும் ஒன்றாக இருப்பதில்லை. தேடுபவர் "SMS vendor" என்று போடுவார். மீட்டிங்கில் நாற்பது நிமிடமும் "அவனுங்க", "அந்த வென்டர்", "அவங்க சைடு" என்றே பேசியிருப்பார்கள். வெறும் எழுத்துத் தேடல் தோற்பது இங்கேதான். குறிச்சொல் தேவைப்படுவதும் இதனால்தான்.

## 2. கோப்புகளை ஒழுங்குபடுத்துங்கள்

ஒவ்வொரு பதிவுக்கும் மாறாத எண் ஒன்று கொடுங்கள். தேதி, நேர அளவு, கலந்துகொண்டவர்கள், எந்தக் குழு ஆகியவற்றைக் காலண்டரிலிருந்தோ கோப்பின் விவரங்களிலிருந்தோ எடுத்துத் தனி அட்டவணையில் வையுங்கள். இவற்றை மாடலிடம் கேட்கவே கூடாது. "அடுத்த வெள்ளிக்கிழமை" என்ற பேச்சைப் பிடித்துக்கொண்டு அது ஒரு தேதியை ஊகிக்கும். நம்மிடம் உறுதியாக இருக்கும் தகவலை எதற்கு ஊகிக்க விட வேண்டும்?

ஒரே மீட்டிங்கை இரண்டு பேர் பதிவு செய்திருப்பார்கள். எழுத்துகள் அப்படியே ஒத்திருந்தால், கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் கைரேகை போன்ற எண்ணான ஹேஷைப் பார்த்து நீக்கிவிடலாம். ஆனால் ஒருவர் இரண்டு நிமிடம் தாமதமாகப் பதிவைத் தொடங்கியிருந்தால் ஹேஷ் மாறிவிடும். ஆகவே ஒரே நாள், ஒரே நேரம், ஒரே ஆட்கள் என்று வருகிற கோப்புகளைத் தனியாகப் பட்டியலிட்டுப் பாருங்கள்.

`.vtt` கோப்பு இப்படி இருக்கும்:

```
WEBVTT

00:41:07.200 --> 00:41:09.640
<v Speaker 2>அந்த வென்டர் இந்த வாரமும்</v>

00:41:09.640 --> 00:41:11.900
<v Speaker 2>லேட்தான், மாத்திடலாம்</v>
```

ஒரே ஆள் பேசும் துண்டுகளைச் சேர்த்து ஒரு பத்தியாக்குங்கள். நேரக்குறிகள் எல்லாவற்றையும் வைத்திருந்தால் கோப்பு வீணாகப் பெருக்கும். எல்லாவற்றையும் நீக்கினால் பின்னால் ஆதாரத்தைத் தேட முடியாது. பத்திக்கு ஒரு நேரக்குறி போதும். கோப்பு முழுவதையும் யூனிகோடு `NFC` வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். "கொ" என்ற எழுத்தின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலுமாக இரண்டு குறியீடுகளாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வேறு வேறு.

இந்தக் கட்டத்திலேயே சம்பளம், ஆட்குறைப்பு, ஒழுங்கு நடவடிக்கை பற்றிய மீட்டிங்குகளைப் பிரித்து வைத்துவிடுங்கள். பதிவைத் திறக்க அனுமதி இல்லாதவருக்கும் தேடல் முடிவில் ஒருவரி விவரம் தெரிந்துவிடும். "இருவரைப் பணிநீக்கம் செய்ய முடிவு" என்று அந்த வரி சொல்லிவிட்டால் கோப்புக்குப் போட்ட பூட்டு எதற்கு? மூலப் பதிவுக்கு என்ன அனுமதியோ அதே அனுமதிதான் குறிச்சொல்லுக்கும் விவரத்துக்கும்.

## 3. தவறாகக் கேட்கப்பட்ட பெயர்களுக்கு ஒரு பட்டியல்

பேச்சை எழுத்தாக்கும் மென்பொருள் சாதாரணச் சொற்களைவிடப் பெயர்களில்தான் அதிகம் தடுமாறும். திட்டத்தின் பெயர், வாடிக்கையாளர் பெயர், நிறுவனத்துக்குள் மட்டும் புழங்கும் சுருக்கெழுத்து ஆகிய மூன்றும் விதவிதமாகச் சிதைந்து வரும். "மருதம்" என்பது ஒரு திட்டத்தின் பெயரானால் பதிவில் அது "மருந்தும்", "மறுதம்", "Maruti" என்றெல்லாம் இருக்கும்.

இவற்றை மூலப் பதிவில் தேடி மாற்றாதீர்கள். உண்மையிலேயே மருந்தைப் பற்றிப் பேசிய மீட்டிங் ஒன்று இருந்தால் அது கெட்டுப்போகும். சரியான பெயர், அதன் சிதைந்த வடிவங்கள், எந்தக் குழுவின் மீட்டிங்கில் வரும் என்று 30 முதல் 50 வரிகள் கொண்ட பட்டியல் ஒன்றைச் செய்து மாடலுக்கு அறிவுரையோடு சேர்த்துக் கொடுங்கள். இடம் பார்த்துப் புரிந்துகொள்ள அதனால் முடியும். தேடி மாற்றும் கட்டளையால் முடியாது.

## 4. குறிச்சொல் பட்டியலை மூடுங்கள்

மொத்த வேலையின் தரமும் இந்தப் படியில் தீர்மானமாகிறது. இதற்கு இரண்டு மூன்று நாட்கள் ஒதுக்கலாம்.

முதலில் 60 பதிவுகளைத் தேர்ந்தெடுங்கள். கோப்புறையில் முதலில் இருக்கும் 60 வேண்டாம். அகர வரிசையில் ஒரே குழுவின் மீட்டிங்குகளே வந்துவிடும். ஒவ்வொரு குழுவிலிருந்தும், ஒவ்வொரு வருடத்திலிருந்தும், குட்டி மீட்டிங்கும் நீண்ட மீட்டிங்கும் கலந்து வரும்படி பொறுக்குங்கள்.

இந்த 60-க்கு மட்டும் மாடலைத் தன்னிஷ்டப்படி குறிச்சொல் போட விடலாம். பதிவுக்கு ஆறு என்றால் 360 வரும். அதை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தால் "SMS vendor", "எஸ்எம்எஸ் சேவை", "OTP வென்டர்", "SMS gateway issue", "ஓடிபி தாமதம்" என்று ஒரே பொருள் ஐந்து வேடத்தில் நிற்கும். இவற்றை ஆள் உட்கார்ந்து ஒன்றாக்க வேண்டும். முதல் படியில் எழுதிய 40 கேள்விகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கேள்விகளில் வந்தும் இந்தப் பட்டியலில் வராத பொருள்களையும் சேருங்கள். கடைசியில் 80 முதல் 120 குறிச்சொற்கள் தேறும். இந்த அளவு பதிவுத் தொகுப்புக்கு அது போதும்.

ஒவ்வொரு குறிச்சொல்லுக்கும் இப்படி ஒரு பதிவு எழுதுங்கள்:

```
id: sms-gateway
label: எஸ்எம்எஸ் வழங்குநர்
alt: SMS vendor, SMS gateway, OTP vendor, ஓடிபி வென்டர்
use: எஸ்எம்எஸ் அனுப்பும் வெளி நிறுவனத்தின் விலை,
     தாமதம், ஒப்பந்தம், மாற்றம் பற்றிப் பேசும்போது
not: ஓடிபி திரையின் வடிவமைப்பு (otp-screen)
```

`id` என்றைக்கும் மாறாது, `label` மாறலாம். மாடல் `id`-யை மட்டுமே திருப்பித் தர வேண்டும். அப்படியானால் பின்னால் ஒருவர் "வழங்குநர் வேண்டாம், சேவையாளர் என்று வையுங்கள்" என்று சொன்னால் ஒரே இடத்தில் திருத்தினால் முடிந்தது.

`not` என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். குழப்பம் எப்போதும் பக்கத்துப் பக்கத்துக் குறிச்சொற்களுக்கு இடையில்தான் வரும். எது இதில் சேராது, சேராவிட்டால் எதில் சேரும் என்று எழுதிவிட்டால் மாடலுக்கும் தெளிவு, சரிபார்க்கும் ஆளுக்கும் தெளிவு.

"விவாதம்", "அப்டேட்", "திட்டமிடல்", "பிரச்சினைகள்" போன்றவற்றை இரக்கமில்லாமல் வெட்டுங்கள். எந்த மீட்டிங்கில் விவாதம் இல்லை? எல்லாப் பதிவிலும் ஒட்டக்கூடிய குறிச்சொல் எந்தப் பதிவையும் பிரித்துக் காட்டாது.

## 5. மாடலிடம் என்ன கேட்பது

பதிவின் நீளத்தை முதலில் அளந்துவிடுங்கள். ஆங்கிலத்தில் ஒரு மணி நேரப் பேச்சு ஏறக்குறைய 8,000 சொற்கள் வரும். தமிழில் சொற்களின் எண்ணிக்கை குறையும், ஆனால் தமிழ் எழுத்துகளை மாடல்கள் சிறு சிறு துண்டுகளாக உடைப்பதால் டோக்கன் கணக்கு ஆங்கிலத்தைவிடப் பல மடங்கு போகலாம். மாடலுக்கு மாடல் இது வேறுபடும். 20 பதிவுகளை உள்ளே கொடுத்து உண்மையான டோக்கன் எண்ணிக்கையைப் பார்த்த பிறகே செலவைக் கணக்கிடுங்கள். ஆங்கிலக் கணக்கை வைத்துப் போட்ட பட்ஜெட் பாதி வழியிலேயே தீர்ந்துவிடும்.

முழுப் பதிவும் ஒரே தடவையில் உள்ளே போகிறது என்றாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும் மீட்டிங்குகளைப் பிரித்துக் கொடுப்பது நல்லது. நீளமான உரையின் தலையையும் வாலையும் பிடித்துக்கொண்டு நடுவில் பேசியதைக் கோட்டைவிடுவது மாடல்களிடம் அடிக்கடி காணும் குறை. 15 நிமிடத் துண்டுகளாக, ஒரு துண்டின் கடைசி ஒரு நிமிடம் அடுத்ததிலும் வரும்படி வெட்டுங்கள். துண்டுக்கு ஒரு குறிப்பு எழுத வைத்து, எல்லாக் குறிப்புகளையும் சேர்த்து இரண்டாம் சுற்றில் குறிச்சொல் போட வையுங்கள்.

அந்த இரண்டாம் சுற்று கட்டாயம். துண்டு துண்டாகக் கிடைத்த குறிச்சொற்களைக் கூட்டி அப்படியே வைத்துவிட்டால் ஒரு மீட்டிங்குக்கு இருபது சேர்ந்துவிடும். போகிற போக்கில் ஒருவர் சொன்ன சொல்லும் அதில் இருக்கும். விதி ஒன்றை எழுதிக்கொடுங்கள்: ஒரு பொருளைப் பற்றி மூன்று நிமிடமாவது பேசியிருக்க வேண்டும், அல்லது அதில் ஒரு முடிவு எடுத்திருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் குறிச்சொல் இல்லை. அதிகபட்சம் ஆறு, ஒன்றுமே பொருந்தாவிட்டால் காலியாக விடலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் எண்ணிக்கையை நிரப்புவதற்காகவே எதையாவது போடும்.

விடை இந்த வடிவில் வரட்டும்:

```json
{
  "tags": [
    {"id": "sms-gateway", "time": "00:41:07",
     "quote": "அந்த வென்டர் இந்த வாரமும் லேட்தான், மாத்திடலாம்"}
  ],
  "status": "தள்ளிவைத்தது",
  "line": "...",
  "suggest": ""
}
```

`quote` என்பது பதிவில் இருக்கும் பேச்சை எழுத்து மாறாமல் எடுத்தது. அது உண்மையிலேயே பதிவில் இருக்கிறதா என்று சிறு நிரல் ஒன்றால் சரிபார்க்கலாம். இல்லையென்றால் அந்தக் குறிச்சொல்லை எறிந்துவிடலாம். ஒப்பிடும் முன் இரு பக்கமும் `NFC` ஆக்கி, இடைவெளிகளையும் நிறுத்தக்குறிகளையும் நீக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரு காற்புள்ளிக்காக நல்ல ஆதாரமும் தள்ளப்படும்.

இந்தச் சோதனை இட்டுக்கட்டிய மேற்கோளைத்தான் பிடிக்கும். தவறாகப் புரிந்துகொண்டதைப் பிடிக்காது. மேலே உள்ள "மாத்திடலாம்" என்ற வாசகம் பதிவில் இருக்கிறது. ஆனால் அடுத்த நிமிடமே இன்னொருவர் "இந்த குவார்ட்டர் வேணாம், ஒப்பந்தம் முடியட்டும்" என்று சொல்லி எல்லோரும் ஒத்துக்கொண்டிருந்தால், முடிவு நேர் எதிர். அதற்காகத்தான் `status` என்ற புலம். முடிவானது, பேசியதோடு சரி, தள்ளிவைத்தது, நிராகரித்தது என்று நான்கே மதிப்புகள். கடைசியாக அந்தப் பொருள் பேசப்பட்ட இடத்தைப் பார்த்து இதை நிரப்பச் சொல்லுங்கள்.

## 6. ஒருவரி விவரம்

குறிச்சொல் பதிவைத் தேடலில் கொண்டுவரும். வந்த பத்து முடிவுகளில் எதைத் திறப்பது என்று சொல்வது விவரம். ஆகவே அந்த வரி மற்ற ஒன்பதிலிருந்து இதை வேறுபடுத்த வேண்டும்.

மாடலை அதன் போக்கில் விட்டால் இப்படி எழுதும்:

> பேமென்ட் குழுவின் வாராந்திரக் கூட்டத்தில் எஸ்எம்எஸ் சேவை உள்ளிட்ட பல்வேறு விஷயங்கள் விரிவாக விவாதிக்கப்பட்டன.

இதில் குழுவின் பெயர் அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது. வாராந்திரம் என்பது தலைப்பில் இருக்கிறது. "பல்வேறு விஷயங்கள்", "விரிவாக" இரண்டும் காற்று. மிஞ்சுவது எஸ்எம்எஸ் சேவை. அது குறிச்சொல்லிலேயே இருக்கிறது. ஆக, இந்த வரி புதிதாக எதையும் சொல்லவில்லை.

அதே மீட்டிங்குக்கு வேண்டிய வரி இது:

> ஓடிபி தாமதத்துக்காக எஸ்எம்எஸ் வழங்குநரை மாற்றும் யோசனை, ஒப்பந்தம் முடியும்வரை தள்ளிவைப்பு. அதுவரை இரண்டாவது வழங்குநர் மாற்று ஏற்பாடு.

என்ன பிரச்சினை, என்ன முடிவு, என்ன மிச்சம் என்ற வரிசை. 20 சொற்களுக்குள். முக்கியச் சொல் முன்னால் வர வேண்டும், ஏனென்றால் கைபேசித் திரையில் வரியின் வால் வெட்டப்படும்.

அறிவுரையில் விலக்குப் பட்டியல் ஒன்றைச் சேருங்கள்: விவாதிக்கப்பட்டது, கலந்துரையாடப்பட்டது, பல்வேறு, விரிவாக, குறித்து, இந்தக் கூட்டத்தில். இந்த ஆறு சொற்களும் இல்லாமல் எழுதச் சொன்னாலே பாதி வரிகள் தாமாகத் திருந்தும். பொதுவாக "நன்றாக எழுது" என்று கேட்பதைவிட, நல்ல வரியும் மோசமான வரியும் சேர்ந்த மூன்று ஜோடிகளை எடுத்துக்காட்டாகக் கொடுப்பது அதிகம் உதவும். ஆனால் மூன்று எடுத்துக்காட்டும் ஒரே சாயலில் இருந்தால் 4,000 வரிகளும் அதே சாயலில் வரும். ஒன்று முடிவெடுத்த மீட்டிங், ஒன்று வெறும் தகவல் பகிர்ந்தது, ஒன்று பாதியில் கலைந்தது என்று பொறுக்குங்கள்.

முடிவே எடுக்காத மீட்டிங்குகள் நிறைய இருக்கும். அவற்றுக்கும் மாடல் ஒரு முடிவைக் கற்பித்துவிடும். `status` "பேசியதோடு சரி" என்றிருந்து, வரியில் "முடிவு" என்ற சொல் வந்தால் அந்தப் பதிவைச் சிவப்புக் குறி போட்டு ஒதுக்குங்கள். இரண்டு புலங்களும் ஒன்றோடொன்று மோதும் இடத்தில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

ஆட்களின் பெயரை வரியில் சேர்க்க வேண்டாம். யார் சொன்னார் என்பதைத்தான் பதிவு அடிக்கடி மாற்றிப் போட்டிருக்கும். ஒரே மைக்கில் நாலு பேர் உட்கார்ந்து பேசியிருந்தால் நாலு பேர் பேச்சும் ஒருவர் கணக்கில் ஏறியிருக்கும்.

## 7. 50 பதிவுகளில் சோதனை

நான்காம் படியில் பயன்படுத்தாத புதிய 50 பதிவுகளை எடுங்கள். இரண்டு பேர், ஒருவர் போட்டதை மற்றவர் பார்க்காமல், பட்டியலைப் பார்த்துக் குறிச்சொல் போடட்டும். மாடல் போட்டதையும் அவர்களுக்குக் காட்டாதீர்கள். காட்டினால் "சரிதானே" என்று தலையாட்டிவிடுவார்கள். விட்டுப்போனதைத் தேட மாட்டார்கள்.

முதலில் அந்த இரண்டு பேரையும் ஒப்பிடுங்கள், மாடலை அல்ல. `sms-gateway` குறிச்சொல்லை ஒருவர் 9 பதிவுகளில் போட்டிருக்கிறார், மற்றவர் 4-ல் மட்டும் என்றால் குற்றம் பட்டியலின் `use`, `not` வரிகளில் இருக்கிறது. மனிதர்களே ஒத்துப்போகாத குறிச்சொல்லில் மாடல் சரியா தவறா என்று பேசுவதற்கே இடமில்லை. வரியைத் திருத்திவிட்டு, அந்தக் குறிச்சொல்லை மட்டும் இருவரும் மறுபடி போட்டுப் பாருங்கள்.

பிறகு மாடலை ஒப்பிடும்போது குறிச்சொல் வாரியாக இரண்டு எண்களைப் பாருங்கள். போட்டவற்றில் எத்தனை சரி. போட்டிருக்க வேண்டியவற்றில் எத்தனை விழுந்தது. மனிதர் 8 பதிவுகளில் போட்ட குறிச்சொல்லை மாடல் 10-ல் போட்டு, அதில் 6 பொருந்தினால், பத்துக்கு ஆறு சரி, எட்டில் இரண்டு விட்டுப்போனது. விட்டுப்போனதுதான் அதிகக் கேடு. தவறாகச் சேர்ந்த பதிவைத் தேடுபவர் பார்த்ததும் ஒதுக்கிவிடுவார். விட்டுப்போன பதிவு இருப்பதே அவருக்குத் தெரியாது.

மொத்தச் சராசரி ஏமாற்றும். 100 குறிச்சொற்களில் சுலபமான பத்து அடிக்கடி வருவதால் சராசரி பிரமாதமாகத் தெரியும். அரிதான, தேடலில் முக்கியமான குறிச்சொற்கள் அதற்கடியில் மறைந்துகொள்ளும்.

## 8. முழு ஓட்டம்

ஒவ்வொரு விடையோடும் பதிவின் எண், பதிவின் ஹேஷ், மாடலின் பெயரும் பதிப்பும், அறிவுரையின் பதிப்பு, பட்டியலின் பதிப்பு ஆகியவற்றைச் சேர்த்துச் சேமியுங்கள். 2,000 பதிவுகள் முடிந்த பிறகு அறிவுரையில் ஒரு வரியைத் திருத்தினால், எவை பழையவை என்று தெரிய வேண்டும். தெரியாவிட்டால் எல்லாவற்றையும் மறுபடி ஓட்டுவதைத் தவிர வழியில்லை.

விடைகளைப் பதிவுக்கு ஒரு வரியாக ஒரே கோப்பில் சேர்த்துக்கொண்டே போங்கள். நடுவில் இணைப்பு அறுந்தால் அந்தக் கோப்பில் இல்லாத எண்களை மட்டும் மீண்டும் ஓட்டலாம்.

தமிழில் விடை வாங்கும்போது ஒரு தனிப் பிழை வரும். விடையின் உச்ச அளவை ஆங்கிலத்துக்குப் போதுமான டோக்கன் எண்ணிக்கையில் வைத்திருந்தால், தமிழ் மேற்கோள்கள் அந்த இடத்தைத் தின்றுவிட்டு ஜேசன் பாதியில் அறுபடும். நீளமான மீட்டிங்குகளில் மட்டும் விடை உடைந்து வருகிறதா? அப்படியானால் காரணம் இதுதான். உச்ச அளவை உயர்த்துங்கள். மேற்கோளை 12 சொற்களுக்குள் நிறுத்துங்கள்.

முதல் 200 முடிந்ததும் நிறுத்திவிட்டுக் குறிச்சொற்களின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்ட பதிவுகளில் வந்திருக்கும் குறிச்சொல் அகலமாக இருக்கிறது, இரண்டாகப் பிரியுங்கள். பட்டியலில் இல்லாத `id` வந்திருந்தால் தள்ளுங்கள், நெருக்கமான ஒன்றுக்கு நிரலால் மாற்றாதீர்கள். பத்துக்கு மேல் அப்படி வந்தால் பட்டியலில் ஏதோ ஒரு பொருள் விடுபட்டிருக்கிறது.

## 9. தேடலில் ஏற்றும்போது தமிழுக்கு வேண்டிய கவனம்

இந்த அளவுக்கு எஸ்கியூலைட் தரவுத்தளத்தோடு வரும் உரைத்தேடல் வசதியான `fts5` தாராளமாகப் போதும். ஆனால் அதை அப்படியே வைத்தால் தமிழ்த் தேடல் கெட்டுப்போகும், பலருக்கு அது கெட்டுப்போனதே தெரியாது.

காரணம் இது. அதன் வழக்கமான சொல்பிரிப்பி எழுத்துகளையும் எண்களையும் மட்டுமே சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்கிறது. தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் யூனிகோடில் எழுத்து வகையில் இல்லை, குறி வகையில் இருக்கின்றன. ஆகவே அவை இடைவெளி மாதிரி நடத்தப்பட்டுச் சொல் உடைகிறது. "வரி" என்பதும் "வரை" என்பதும் "வர" என்றே பதிவாகும். வரி பற்றிய மீட்டிங்கைத் தேடினால் "திங்கள்கிழமைவரை" என்று இருக்கும் பதிவும், "நாளை வரும்" என்பதும்கூட வந்து நிற்கும். தேடியது வரத்தான் செய்கிறது, கூடவே குப்பையும் வருகிறது என்பதால் யாரும் சொல்பிரிப்பியைச் சந்தேகிப்பதில்லை.

தீர்வு, குறி வகையையும் சேர்க்கச் சொல்வது:

```sql
CREATE VIRTUAL TABLE mt USING fts5(
  id UNINDEXED, line, labels, alts,
  tokenize = "unicode61 categories 'L* N* Co M*'"
);
```

`alts` என்ற புலத்தில் ஒவ்வொரு குறிச்சொல்லின் மாற்றுப் பெயர்களையும் ஊற்றிவிடுங்கள். திரையில் காட்ட வேண்டாம். "SMS vendor" என்று தேடுபவருக்கு, அந்தச் சொல்லே பேசப்படாத மீட்டிங்கும் கிடைப்பது இதன் வழியாகத்தான்.

அடுத்தது வேற்றுமை உருபு. "வழங்குநர்" என்று தேடினால் "வழங்குநரை" கிடைக்காது. கடைசிப் புள்ளியை எடுத்துவிட்டு நட்சத்திரம் போட்டு `வழங்குநர*` என்று தேடினால் இரண்டும் கிடைக்கும். "ர்", "ரை" இரண்டுமே கணினிக்குள் "ர" என்றுதான் தொடங்குகின்றன. "சம்பளம்" போன்ற சொற்களில் இது பலிக்காது, ஏனென்றால் அது "சம்பளத்தை" என்று திரிகிறது. அங்கே "ம்" முழுவதையும் நீக்கி `சம்பள*` என்று தேட வேண்டும். தேடல் பெட்டிக்குப் பின்னால் இந்த இரண்டு விதிகளையும் எழுதிவிட்டால் அன்றாடத் தேவைக்குப் போதும்.

இப்போது முதல் படியில் எழுதிய 40 கேள்விகளையும் ஒவ்வொன்றாகப் போடுங்கள். சரியான பதிவு முதல் ஐந்துக்குள் வருகிறதா? வராதவற்றை எடுத்து ஏன் என்று பாருங்கள். குறிச்சொல்லே விழவில்லையா, விழுந்தும் தேடியவரின் சொல் `alt` வரியில் இல்லையா? இரண்டாவது வகைக்கு மாடலை மறுபடி ஓட்டத் தேவையில்லை. `alt` வரியில் ஒரு சொல்லைச் சேர்த்து அட்டவணையை மீண்டும் நிரப்பினால் போதும்.

## 10. பிறகு பட்டியல் மாறும்போது

புதிய திட்டங்கள் வரும், பழையவை மூடப்படும். மாடல் விடையில் `suggest` என்று ஒரு புலம் இருந்ததே, பட்டியலில் இல்லாத ஒரு பொருளை அது முன்மொழிய அந்த ஒரு இடம் மட்டும் திறந்திருக்கிறது. மாதம் ஒருமுறை அதைப் பாருங்கள். ஒரே பொருள் ஐந்து மீட்டிங்குகளிலாவது வந்திருந்தால் பட்டியலில் சேர்க்கலாம். குறைவாக இருந்தால் இன்னொரு மாதம் போகட்டும்.

பெயரை மாற்றுவதற்கும் இரண்டு குறிச்சொற்களை ஒன்றாக்குவதற்கும் மாடல் தேவையில்லை. `id` அட்டவணையில் முடிந்துவிடும். ஒன்றை இரண்டாகப் பிரித்தால் அந்தக் குறிச்சொல் இருக்கும் பதிவுகளை மட்டும் மறுபடி ஓட்டுங்கள். புதிதாக ஒன்றைச் சேர்த்தால்தான் சிக்கல்: பழைய 4,000 பதிவுகளில் எதில் அது இருக்கிறது என்று தெரியாது. அதன் `alt` சொற்களை மூலப் பதிவுகளில் எழுத்துத் தேடல் செய்து, கிடைக்கும் பதிவுகளையும் அந்தக் குழுவின் மற்ற பதிவுகளையும் ஓட்டினால் பெரும்பாலும் பிடிபடும். அப்படி ஓட்டாமல் விட்ட காலத்துக்கு, "இந்தக் குறிச்சொல் இந்தத் தேதியிலிருந்துதான்" என்று தேடல் பக்கத்திலேயே ஒரு வரி எழுதி வையுங்கள்.